மேனேஜரைத் தாண்டிப் போன மாதிரி தெரியாம, ஜி.எம்.கிட்ட விஷயத்தை எப்படிக் கொண்டு போறது?

புதுவயல்_ஃபிட்டர்
திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். புதுவயல் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசரா இருக்கேன். வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. எனக்கு மேல ஆலை மேனேஜர். அவருக்கு மேல ஜி.எம்., அவர் காரைக்குடி ஆபீஸ்ல இருக்கார், வாரத்துக்கு ஒரு தடவை மில்லுக்கு வருவார்.

பிரச்சினை பாய்லர்ல. உமி போட்டு எரிக்கிற பாய்லர். புரட்டாசியில பழைய போர் வத்திப்போய் புது போர் தண்ணிக்கு மாறினோம். அதுல இருந்து தண்ணியோட கடினத்தை எடுக்கற சாஃப்ட்னர்ல வர்ற தண்ணி சரியில்ல. இரவு ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது எடுத்துப் பார்த்தா ஹார்ட்னஸ் 160 பிபிஎம் காட்டுது. அஞ்சுக்குள்ள இருக்கணும். சிம்னி டெம்பரேச்சர் ரெண்டு மாசம் முன்னாடி 210, இப்ப 262. ட்யூப்ல உப்பு படியுதுன்னுதான் அர்த்தம். சாஃப்ட்னருக்குள்ள கடினத்தைப் பிடிக்கற ரெசின் செத்துப்போச்சு, மாத்தணும், பாய்லரை மூணு நாள் நிறுத்தி ஆசிட் க்ளீனிங் பண்ணணும்.

மேனேஜர்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். "தை, மாசி தாண்டட்டும், சம்பா நெல் வரப்போகுது, இப்ப மில்லை நிறுத்த முடியாது"ங்கறார். கெட்ட மனுஷன் இல்ல. என்னை வேலைக்கு எடுத்ததே அவர்தான். எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ராத்திரி கூட உக்காந்திருந்தவர். அதான் கஷ்டமா இருக்கு. ஜி.எம்.கிட்ட சொன்னா ஒரு நாள்ல முடிவு வந்துடும். ஆனா "இவன் நம்ம தலைக்கு மேல போயிட்டான்"னு அவர் நினைச்சா நான் அவர் முகத்துல எப்படி முழிக்கிறது?

தாண்டிப் போன மாதிரி இல்லாம போக வழி இருக்கா?

---

காளை_காரைக்குடி
திங்கள், இரவு 10.05

இதுக்கு ஏன்ண்ணே இவ்வளவு யோசனை. கார்த்திகை மாசம், முகூர்த்தம் நிறைய. ஜி.எம். வர்ற கல்யாணம் ஏதாவது ஒண்ணுல உங்களுக்கும் பத்திரிகை இருக்கும். பந்தியில பக்கத்துல உக்காந்து, "பாய்லர் கொஞ்சம் கவனிக்கணும் சார்"னு காதுல போட்டுடுங்க. எழுத்தும் இல்ல, மெயிலும் இல்ல. அவரே மறுநாள் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேப்பார். உங்க பேரே வராது.

இல்லன்னா மில் வாட்ஸாப் குரூப்ல ஜி.எம். இருப்பார்ல, டெம்பரேச்சர் மீட்டரை போட்டோ எடுத்துப் போடுங்க. தினசரி ரிப்போர்ட்தானே, யாரும் குறை சொல்ல முடியாது.

---

கல்லல்_கணக்கு
திங்கள், இரவு 10.50

காளை தம்பி சொல்றதுல பாதி சரி. ஜி.எம். விஷயத்தைக் காதுல வாங்கணும்ங்கறது சரி. ஆனா உங்க பேரு வராதுங்கறீங்களே, அது நடக்காது. நான் அந்தப் பக்கத்துல இருந்தவன்.

எட்டு வருஷம் முன்னாடி ஒரு நூல் மில்லுல ஸ்டோர்ஸ் மேனேஜரா இருந்தேன். எனக்குக் கீழ இருந்த பையன், பேரிங் ஸ்டாக் குறையுதுன்னு ஒரு காதுகுத்து வீட்டுல என் மேலதிகாரிகிட்ட சொல்லிட்டான். சொன்னது உண்மை. மறுநாள் காலையில கூப்பிட்டு "உன் ஸ்டோர்ல என்ன நடக்குது?"ன்னார். எனக்குப் பதில் தெரியும், ஆர்டர் போட்டு பத்து நாள் ஆச்சு, சப்ளையர்தான் இழுத்தடிச்சார். ஆனா அந்த நிமிஷம் கையில பேப்பர் இல்லாம திருதிருன்னு நின்னேன். யார் சொன்னதுன்னு கண்டுபிடிக்க எனக்கு அரை நாள்கூட ஆகல. ஸ்டாக் விவரம் ரெண்டே பேருக்குத்தான் தெரியும்.

அவன் மேல போனதுக்காக நான் கோபப்படல. என்னைத் தயாரா இல்லாம நிக்க வெச்சதுதான் ரொம்ப நாள் உறுத்திச்சு. அதையே காலையில என்கிட்ட "அண்ணே, இதை மேல சொல்லிடலாம்னு இருக்கேன்"னு சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்.

வாட்ஸாப் குரூப்ல போட்டோ போடுறது அதைவிட மோசம். முப்பது பேர் பார்க்க ஒரு மனுஷன் பதில் சொல்லியாகணும்.

---

பழைய_மேலாள்
செவ்வாய், காலை 6.20

பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். அரிசி ஆலைகளில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன், கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஆலைப் பொறுப்பு. இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், கீழிருந்து மேலே போனவனாகவும், என்னைக் கடந்து போகப்பட்டவனாகவும்.

தம்பி, மேலே போவதைப் பிறகு பேசுவோம். உங்கள் கையில் இருக்கிற விஷயம் முழுசாக இல்லை. நீங்கள் ஜி.எம். முன்னால் நின்று "ரெசின் செத்துவிட்டது" என்று சொல்லி, அது பொய்யாகிவிட்டால் மேனேஜர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அடுத்த முறை நீங்கள் உண்மையே சொன்னாலும் எடுபடாது. மூன்று கேள்வி கேட்கிறேன்.

ஒன்று, ஹார்ட்னஸை எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள்? இரவு ஷிஃப்ட் ஆரம்பத்தில் மட்டும் என்றால் போதாது. உப்புப் போட்டு ரெசினைப் புதுப்பிக்கிற ரீஜெனரேஷன் செய்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எவ்வளவு என்று ஒரு நாள் முழுக்க எடுங்கள். ரீஜெனரேஷன் முடிந்த உடனேயே நூறைத் தாண்டினால் ரெசின் போய்விட்டது. உடனே மூன்று, நான்கு காட்டி, சாயங்காலம் ஏறினால் ரெசின் நன்றாக இருக்கிறது, புது போர் தண்ணீருக்கு அதன் கொள்ளளவு பத்தவில்லை.

இரண்டு, பழைய போர் தண்ணீர், புது போர் தண்ணீர், இரண்டின் ஹார்ட்னஸும் என்ன?

மூன்று, ட்யூப்பை உள்ளே பிரஷ் போட்டுத் துலக்கி எத்தனை நாளாகிறது? உமிச் சாம்பல் ட்யூப்புக்குள் ஒட்டினாலும் சிம்னி டெம்பரேச்சர் ஏறும். துலக்கிய பிறகு 210-க்குத் திரும்பினால் அது சாம்பல். திரும்பாமல் மேலேயே நின்றால் மிச்சம் இருப்பது தண்ணீர்ப் பக்கத்து உப்பு.

இவை மூன்றும் தெரிந்த பிறகு எழுதுங்கள். இதற்கிடையில் சேஃப்டி வால்வ் சரியாகத் தூக்காமலோ, ட்யூப் முனையில் ஒழுக்கோ, தண்ணீர் மட்டம் நிற்காமலோ கண்ணில் பட்டால் யாரையும் கேட்க வேண்டாம். தீயை இறக்கிவிட்டு, பிறகு எல்லாருக்கும் சொல்லுங்கள். அங்கே மேலே போவது, கீழே போவது என்ற பேச்சே கிடையாது.

---

ஆத்தங்குடி_கல்
செவ்வாய், காலை 8.15

எங்க பட்டறையில பன்னெண்டு பேர், முதலாளி ஒருத்தர். அவருக்கு மேல சாமிதான். அதனால எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா படிக்கிறேன். எழுதுங்க.

---

தேன்மொழி_தேவகோட்டை
செவ்வாய், மதியம் 1.30

இதே மாதிரி எனக்கும் ஒரு பிரச்சினை, இங்கயே கேக்கலாமா? நான் ஒரு பழைய வீட்டை ஹோட்டலா மாத்தின இடத்துல வேலை பாக்கறேன், இருபத்தஞ்சு பேர் இருக்கோம். என் சூப்பர்வைசர் ராத்திரி பதினோரு மணிக்கு மேல மெசேஜ் அனுப்பறார். வேலை விஷயம் இல்ல. "நீங்க அந்தப் புடவையில..." அப்படின்னு ஆரம்பிக்கும். மேல மேனேஜர்கிட்ட சொல்லலாம்னா, கல்லல் அண்ணன் சொல்ற மாதிரி முதல்ல அவர்கிட்டயே "உங்களைப் பத்தி மேல சொல்லப் போறேன்"னு சொல்லணுமா? நினைச்சாலே பயமா இருக்கு.

---

பழைய_மேலாள்
செவ்வாய், மதியம் 2.10

அம்மா, வேண்டாம். நாங்கள் இங்கே பேசுவது உங்களுக்குப் பொருந்தாது. இங்கே மேனேஜர் ஒரு வேலை முடிவைத் தள்ளிப்போடுகிறார். உங்கள் விஷயத்தில் அந்த ஆளேதான் பிரச்சினை. அவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்குத் துளியும் இல்லை.

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற எந்த இடத்திலும் இதற்கென்று உள்ளகக் குழு ஒன்று இருக்க வேண்டும். தலைமை ஒரு பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். எழுத்தில் புகார் கொடுக்க மூன்று மாத அவகாசம், கடைசியாக நடந்ததிலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டித் தரலாம். குழுவே இல்லை என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு, கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள். தேதி, மணி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வேலை போனில் மட்டும் வைக்காமல் வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள்.

---

தேன்மொழி_தேவகோட்டை
செவ்வாய், மதியம் 2.40

ரொம்ப நன்றி ஐயா. குழு இருக்கான்னே எனக்குத் தெரியாது. நோட்டீஸ் போர்டுல பாக்கறேன். தனி இழையா கேக்கறேன், இதை நான் கலைக்கல.

---

புதுவயல்_ஃபிட்டர்
வெள்ளி, இரவு 8.55

ஐயா கேட்ட மூணையும் பாத்துட்டேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நான் சொன்னது பாதி தப்பு.

காலை ஆறு மணிக்கு உப்பு போட்டு ரீஜெனரேஷன். எட்டு மணிக்கு 3 பிபிஎம். பன்னெண்டுக்கு 4. நாலு மணிக்கு 4. ஆறு மணிக்கு 5. எட்டு மணிக்கு 160. ராத்திரி பதினோரு மணிக்கு 300-க்கு மேல. அதாவது ராத்திரி ஷிஃப்ட் முழுக்க போர் தண்ணி அப்படியே பாய்லருக்குள்ள போயிட்டு இருந்திருக்கு. பழைய போர் 200, புது போர் 420. ரெசின் நல்லாத்தான் இருக்கு ஐயா.

ட்யூப் துலக்க ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கல. வியாழன் ராத்திரி ட்ரையர் பெல்ட் அறுந்து ஆறு மணி நேரம் மில் நின்னுச்சு. அதுல ட்யூப் துலக்கிட்டோம். 262 இருந்தது 244-க்கு வந்துச்சு, அதுக்குக் கீழ இறங்கல.

---

பழைய_மேலாள்
வெள்ளி, இரவு 10.30

நீங்கள் சோதித்துப் பார்த்து, தப்பை ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். இதைத் தெரிந்துகொள்ளாமல் திங்கட்கிழமையே ஜி.எம்.மிடம் போயிருந்தால் புது ரெசினுக்குப் பணம் கேட்டிருப்பீர்கள். புது ரெசினும் இதே பன்னிரண்டு மணி நேரத்தில் தீர்ந்திருக்கும்.

இப்போது பிரச்சினை இரண்டாகப் பிரிந்துவிட்டது பாருங்கள்.

முதல் பாதி, இனிமேல் உப்பு படியாமல் தடுப்பது. தண்ணீரின் கடினம் இரண்டு மடங்கானால் சாஃப்ட்னர் பாதி நேரத்தில் தீரும். காலை ஆறு மணியோடு மாலை ஆறு மணிக்கும் ஒரு ரீஜெனரேஷன் போட்டால் போதும். அதற்கு ஆலையை நிறுத்த வேண்டாம், ஜி.எம். வேண்டாம். உப்புச் செலவு இரட்டிக்கும், ஒரு ஆளுக்கு ஒரு மணி நேர வேலை. அது உங்கள் மேனேஜரின் கையெழுத்தோடு முடிகிற காரியம். அதை அவரிடமே கேளுங்கள், நாளைக்கே கேளுங்கள். அவர் ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது பாதி, ஏற்கெனவே படிந்துவிட்ட உப்பு. 210-க்கும் 244-க்கும் நடுவில் இருக்கிற 34 டிகிரி அதுதான். இதற்குத்தான் பாய்லர் நிற்க வேண்டும். இங்கேதான் உங்கள் மேனேஜரின் கை எட்டவில்லை. ஏன் எட்டவில்லை என்று யோசித்தீர்களா? தை முடியும் வரை இத்தனை லோடு அனுப்புகிறேன் என்று அவர் ஜி.எம்.மிடம் வாக்குக் கொடுத்திருப்பார். அந்த வாக்கிலிருந்து அவரை விடுவிக்க ஜி.எம். ஒருவரால்தான் முடியும். அதனால் நீங்கள் அவரிடம் "நீங்க கேக்க மாட்டேங்கறீங்க, நான் மேல போறேன்" என்று பேசக் கூடாது. "இது உங்க கையில இல்லாத முடிவு சார், இதை மேலே ரெண்டு பேரும் சேர்ந்து கொண்டு போவோம்" என்று பேச வேண்டும். இது நயமாகப் பேசுவதற்கான தந்திரம் இல்லை, நிலைமையே அதுதான்.

எரிபொருள் கணக்கை முதலில் வைக்காதீர்கள். புகை 22 டிகிரி கூடினால் சுமார் ஒரு சதவீதம் எரிபொருள் கூடும் என்பது கணக்கு. 34 டிகிரிக்கு ஒன்றரை சதவீதம். நாளுக்கு 12 டன் உமி எரித்தால் 180 கிலோ. உமி என்ன விலை விற்றாலும் மூன்று நாள் ஆலை நிற்கிற நஷ்டத்துக்குப் பக்கத்தில் அது வராது. மேனேஜர் அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் நீங்கள் தோற்பீர்கள், நியாயமாகவே தோற்பீர்கள்.

உங்கள் கவலை வேறு. உப்பு தடித்தால் தண்ணீர் ட்யூப்பின் சூட்டை எடுக்க முடியாது. உலோகம் சூடேறிப் புடைக்கும், ட்யூப் முனையில் ஒழுகும். அது நம்மைக் கேட்டுக்கொண்டு வராது, தை மாதம் நெல் லாரி வாசலில் வரிசையாக நிற்கும்போது வரும். ட்யூப் மாற்றுவது என்றால் பாய்லர் ஆய்வாளர் அனுமதி, அதன்பின் தண்ணீர் அழுத்தச் சோதனை, மூன்று நாளில் முடியாது. ஆக ஜி.எம். முன்னால் வைக்க வேண்டியது ஒரே கேள்வி: நாம் தேர்ந்தெடுக்கிற மூன்று நாளா, பாய்லர் தேர்ந்தெடுக்கிற பத்து நாளா?

---

காளை_காரைக்குடி
சனி, காலை 7.10

பொங்கலுக்கு லோடுமேன், டிரைவர் எல்லாம் ஊருக்குப் போயிடுவாங்களே. எப்படியும் ரெண்டு நாள் மில் ஓடாது. அதுல வெச்சுக்கிட்டா என்ன?

---

பழைய_மேலாள்
சனி, காலை 7.45

தம்பி, நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லை. பாய்லர் ஆற ஒரு நாள், ஆசிட் சுற்றவிட்டுக் கழுவ ஒரு நாள், மெதுவாகச் சூடேற்ற ஒரு நாள். பொங்கல் இரண்டு நாள் போக ஒரே ஒரு நாள்தான் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கும். அதுவரை தினம் இரண்டு ரீஜெனரேஷன் நடந்து, 244 ஏறாமல் நிற்க வேண்டும். ஏறினால் பொங்கல் வரை காத்திருக்க முடியாது என்பதையும் கடிதத்தில் எழுத வேண்டும்.

புதுவயல் தம்பி, கடிதத்தை மேனேஜர் பெயருக்கே எழுதுங்கள். ஜி.எம்.முக்குப் பிரதி போடாதீர்கள். முதல் கடிதத்திலேயே மேலதிகாரிக்குப் பிரதி போனால் அது கடிதம் இல்லை, குற்றப்பத்திரிகை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய சார், புரட்டாசியில் புது போருக்கு மாறிய பிறகு தண்ணீரின் ஹார்ட்னஸ் 200-லிருந்து 420 ஆகியிருக்கிறது. சாஃப்ட்னர் மாலை ஆறு மணிக்கு மேல் தாங்கவில்லை. அளவுகள் இணைப்பில். நீங்கள் அனுமதித்தபடி இன்றுமுதல் இரண்டு ரீஜெனரேஷன் செய்கிறோம். ட்யூப் துலக்கிய பிறகும் சிம்னி 244-இல் நிற்கிறது, அதனால் உள்ளே உப்பு படிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தை, மாசியில் ஆலையை நிறுத்துவது கடினம் என்று நீங்கள் சொன்னதை மனதில் வைத்து, பொங்கல் விடுமுறையோடு ஒரு நாள் சேர்த்து க்ளீனிங் செய்யலாமா என்று கேட்கிறேன். அதற்குள் 255-ஐத் தாண்டினால் முன்னதாகவே நிறுத்த வேண்டியிருக்கும். கூடுதல் நாளுக்கு ஜி.எம். ஒப்புதல் தேவைப்படும். அவர் வியாழக்கிழமை வரும்போது நாம் இருவரும் சேர்ந்து சொல்லலாமா? நீங்களே சொல்வதாக இருந்தாலும் சரி, அளவுகளை நான் தயாராக வைத்திருக்கிறேன்."

மேனேஜரின் எதிர்ப்பையும் கடிதத்துக்குள் நியாயமாக எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? நாளை இது ஜி.எம். கைக்குப் போனாலும் மேனேஜர் படித்துக் கூசுகிற ஒரு வரி இதில் இருக்கக் கூடாது. அனுப்புவதற்கு முன் அதை ஒருமுறை அவர் கண்ணால் படித்துப் பாருங்கள். "மூன்று முறை சொன்னேன்" என்பதை எழுதவே எழுதாதீர்கள்.

கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். முதலில் நேரில் பேசி, பிறகு கையில் கொடுங்கள்.

---

கல்லல்_கணக்கு
சனி, காலை 9.30

எல்லாம் சரிங்க ஐயா, ஒண்ணு மட்டும் எனக்கு ஒப்பல. போர் மாத்தின அன்னைக்கே தண்ணியை டெஸ்ட் பண்ணியிருக்க வேண்டியது மேனேஜர் பொறுப்பு. அதைக் கடிதத்துல எங்கயும் காணோம். "புது போர் தண்ணி" மேல பழியைப் போட்டு மேனேஜரைக் காப்பாத்தற மாதிரி இருக்கு. நாளைக்கு ட்யூப் போச்சுன்னா, "சூப்பர்வைசரும் எழுதலையே"ன்னு இந்தத் தம்பி தலையிலயும் விடியும்.

---

பழைய_மேலாள்
சனி, காலை 11.00

உங்கள் பயம் நியாயமானது. நான் மறைக்கச் சொல்லவில்லை. போர் மாறியது எப்போது, அளவு எடுத்தது எப்போது, இரண்டு தேதியும் இணைப்பில் இருக்கும். ஜி.எம். கேட்டால் இந்தத் தம்பி உள்ளதைச் சொல்ல வேண்டும், பூசி மெழுகக் கூடாது. ஆனால் கேட்காத கேள்விக்கு யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. அன்றைக்குத் தண்ணீரைச் சோதிக்காதவர்களில் இந்தத் தம்பியும் ஒருவர்தானே?

எங்கள் ஐயா ரங்கூன் கடையில் அடுத்தாளாக இருந்தவர். அங்கே கடையை நடத்துகிற மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். முதலாளி இங்கே செட்டிநாட்டில். கணக்கும் கடுதாசியும் கப்பலில் வரும். ஐயா சொல்வார், ஐந்தொகையில் ஒரு புள்ளி இடித்தால் அடுத்தாள் அதை முதலில் மேலாளிடம்தான் காட்டுவாராம். மேலாள் அதை ஊருக்கு எழுதுகிற கடுதாசியில் தன் கையாலேயே சேர்த்துவிடுவார். அடுத்தாள் தனியாக ஊருக்கு எழுதினால் அந்தக் கடையில் இரண்டு பேரும் அதற்கப்புறம் ஒரே பெட்டிக்கு முன்னால் உட்கார முடியாது. ரங்கூனில் வேறு போக்கிடம் கிடையாது. உங்கள் மில்லிலும் அப்படித்தான், நாளை காலை அதே மனிதரோடு அதே பாய்லர் முன்னால் நிற்க வேண்டும்.

---

கல்லல்_கணக்கு
சனி, காலை 11.20

மேலாளே ஐந்தொகையைத் திருத்தினா?

---

பழைய_மேலாள்
சனி, காலை 11.35

அப்போது அடுத்தாள் நேராக முதலாளிக்கு எழுத வேண்டியதுதான். தேன்மொழி அம்மாவுக்குச் சொன்னதுதான் அங்கேயும். இங்கே அப்படி இல்லை.

---

புதுவயல்_ஃபிட்டர்
ஞாயிறு, மாலை 5.15

நேத்து சாயங்காலம் மேனேஜர்கிட்ட பேசிட்டேன். ரெண்டு ரீஜெனரேஷனுக்கு அஞ்சு நிமிஷத்துல சரின்னுட்டார். "இதை ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?"ன்னார். நான் ரெசின், ரெசின்னு சொல்லிட்டு இருந்ததால அவருக்கு அது செலவாத் தெரிஞ்சிருக்கு, தண்ணியாத் தெரியல.

க்ளீனிங் விஷயத்துக்கு வந்ததும் முகம் மாறிடுச்சு. கடிதத்தை ரெண்டு தடவை படிச்சார். "ஜி.எம். ஒப்புதல்னு எழுதியிருக்கியே, நான் சொன்னா பத்தாதா?"ன்னு கேட்டார். ஐயா சொன்ன மாதிரியே சொன்னேன், "நீங்க அவர்கிட்ட லோடு கணக்கு சொல்லியிருக்கீங்க சார், அந்தக் கணக்கை நீங்களா குறைக்க முடியாதில்ல, அதான்"னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் "வியாழக்கிழமை பாப்போம்"னு கடிதத்தை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

அவர் வியாழக்கிழமையும் பேசாம விட்டுட்டா என்ன பண்றது?

---

பழைய_மேலாள்
ஞாயிறு, இரவு 7.00

புதன்கிழமை மாலை ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். "நாளைக்கு அளவெல்லாம் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன் சார், நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?" இந்தக் கேள்வியில் பேசாமல் விடுவது என்ற மூன்றாவது வழி இல்லை.

வியாழன் அவர் வாயைத் திறக்கவில்லை என்றால், ஜி.எம். புறப்படும் முன் மேனேஜர் முன்னிலையிலேயே நீங்கள் தொடங்குங்கள்: "சார், பாய்லர் விஷயமா மேனேஜர் சாருக்கு ஒரு நோட் கொடுத்திருக்கேன், சாரும் நானும் உங்ககிட்ட பேசணும்னு இருந்தோம்." அவர் பக்கத்தில் நிற்கும்போது சொன்னால் அது தாண்டிப் போனது ஆகாது. அவர் பாத்ரூம் போன நேரம் பார்த்துச் சொன்னால் ஆகும். வார்த்தை ஒன்றேதான்.

---

புதுவயல்_ஃபிட்டர்
வெள்ளி, இரவு 9.20

நேத்து நடந்ததைச் சொல்றேன்.

புதன்கிழமை கேட்டேன், "நானே பேசறேன், நீ கூட இரு"ன்னார். வியாழன் ஜி.எம். வந்ததும் முதல்ல லோடு, பாக்கி, லாரி வாடகைன்னு ஒரு மணி நேரம். நான் வெளியில நின்னேன். உள்ள கூப்பிட்டப்ப மேனேஜர் என் கடிதத்தைச் சட்டைப் பையில இருந்து எடுத்து ஜி.எம். முன்னாடி வெச்சார். "பையன் ஒரு வாரமா தண்ணி அளந்திருக்கான் சார்"னு அவரேதான் ஆரம்பிச்சார்.

ஜி.எம். கேட்ட முதல் கேள்வி, "போர் மாத்தினப்ப ஏன் டெஸ்ட் பண்ணல?" ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் பேசல. நான் "நானும் எடுக்கல சார்"னேன். மேனேஜர் "என் தப்பு சார், தண்ணி வந்தாப் போதும்னு இருந்துட்டேன்"னார். அதோட ஜி.எம். அதை விட்டுட்டார். கல்லல் அண்ணன் பயந்த மாதிரி மறைக்க வேண்டியதே வரல.

பொங்கலோட ஒரு நாள் சேர்த்துக்க ஒப்புதல் கிடைச்சுது. ரெண்டாவது சாஃப்ட்னர் கேட்டதுக்கு "பங்குனியில பாக்கலாம்"னுட்டார். 244 இப்ப 245-ல நிக்குது.

ஆனா இன்னைக்குக் காலையில ஜி.எம். எனக்கு நேரா போன் பண்ணினார். "சிம்னி எவ்வளவு?"ன்னு கேட்டார், சொன்னேன். அப்பறம் "தினமும் காலையில எனக்கு மெசேஜ் போட்டுடு"ன்னார். இப்ப என்ன பண்ணட்டும்? மாட்டேன்னு சொல்ல முடியாதே.

---

பழைய_மேலாள்
வெள்ளி, இரவு 10.10

நான் இதைத்தான் எதிர்பார்த்தேன். மேலே போன விஷயம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் பெரும்பாலும் உறவு கெடுகிறது. ஜி.எம். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அளவு எங்கே கிடைக்குமோ அங்கே கேட்கிறார். ஆனால் இப்படியே ஒரு மாதம் போனால் மேனேஜரை வைத்துக்கொண்டே அவர் இல்லாத ஒரு வழி உண்டாகிவிடும்.

இன்றைக்கே மேனேஜருக்குச் சொல்லிவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்: "ஜி.எம். காலையில கூப்பிட்டார், 245-னு சொன்னேன், தினமும் அனுப்பச் சொல்றார்." பிறகு மூன்று பேரும் இருக்கிற மாதிரி ஒரு சின்ன குரூப் தொடங்கி, தினம் காலை அதில் போடுங்கள். ஜி.எம்.முக்குக் கிடைக்கும், மேனேஜரும் அதே நிமிஷம் பார்ப்பார்.

---

கல்லல்_கணக்கு
வெள்ளி, இரவு 10.40

குரூப்பை மேனேஜரை விட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க. தம்பி ஆரம்பிக்க வேணாம்.

---

பழைய_மேலாள்
வெள்ளி, இரவு 10.45

ஆமாம், அதுதான் சரி.

---

புதுவயல்_ஃபிட்டர்
வெள்ளி, இரவு 11.30

இப்பதான் மேனேஜருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "தெரியும்ப்பா, என்கிட்டயும் கேட்டார்"னார். குரல்ல ஒண்ணும் தெரியல. குரூப் பத்தி சொன்னதுக்கு "காலையில பாக்கலாம்"னு வெச்சுட்டார். கோபமா, தூக்கக் கலக்கமா, புரியல. காலையில ஆறு மணி ரீஜெனரேஷனுக்கு நானே போறேன், அவரும் அந்த நேரத்துக்கு வருவார்.